யானையைத் தொட்டால் யானைதான் வர வேண்டும்

என் மகளுக்கு மூன்றரை வயது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமியாரின் செல்போனில் யானையைக் குளிப்பாட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. யானையின் முதுகைத் தொட்டால் நுரை பொங்கும். வாளியைத் தொட்டால் தண்ணீர் கொட்டும். தும்பிக்கையைத் தொட்டால் பிளிறும். திண்ணையில் உட்கார்ந்து ஆசை ஆசையாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை வாளியைத் தொட்டபோது தண்ணீர் வரவில்லை. திரை முழுக்க கார்கள் மோதிக்கொண்டு ஓடின. அவள் காரைத் தொட்டாள். ஆப் கடையின் பக்கம் திறந்தது. அங்கே பளிச்சென்று ஒரு பொத்தான் இருந்தது. அதையும் தொட்டாள். சற்று நேரத்தில் கார் விளையாட்டு போனில் வந்து இறங்கிவிட்டது. அவள் என்னிடம் ஓடிவந்து கேட்டது ஒன்றுதான்: “அம்மா, யானை எங்க போச்சு?”

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பார்த்ததைத் தொடு, தொட்டால் ஏதாவது நடக்கும் என்பதுதான் அந்த வயதுக்கு அந்த விளையாட்டு சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை அவள் சரியாகவே கற்றிருந்தாள். வந்தது விளம்பரம் என்றும், விளம்பரம் என்பது யாரோ எதையோ விற்கப் பார்ப்பது என்றும் நாலு வயதுக் குழந்தைக்குப் பிடிபடாது. அதற்கு எல்லாமே படம்தான். யானையும் படம், காரும் படம்.

இது ஏதோ ஒரு மோசமான விளையாட்டில் தற்செயலாக நடந்தது என்று நினைத்தேன். அப்படியில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் 135 செயலிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. விளையாட்டை நடுவில் நிறுத்திவிட்டு ஓடும் படங்கள், பூட்டு போட்டுக் காட்டி ‘வாங்கினால் திறக்கும்’ என்று ஆசைகாட்டும் பொம்மைகள், வாங்காவிட்டால் முகம் வாடும் கதாபாத்திரங்கள் என்று பல வகை. குழந்தைக்கு அந்தப் பொம்மை ஒரு சிநேகிதன். சிநேகிதன் அழுதால் அது வாங்கிக்கொடுக்கத்தான் சொல்லும்.

ஊரிலிருந்து திரும்பியதும் இதை ஒழுங்காகச் செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் சிம் இல்லாமல் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதைக் குழந்தைக்கென்று தயார் செய்ய எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. செய்தது என்ன, எங்கே வழுக்கியது என்று சொல்கிறேன். அதற்கு முன் நேரக் கணக்கு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அந்த ஒரு மணி நேரத்தில் டிவியும் அடக்கம். எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு இருபது நிமிடம்.

முதல் வேலை, விளையாட்டைத் தேடுவது. பிளே ஸ்டோரில் ஒரு செயலியின் பெயரைத் தொட்டதும் அதன் பெயருக்குக் கீழே, தயாரித்தவர் பெயரை ஒட்டி, சின்ன எழுத்தில் ஒன்றிரண்டு சொற்கள் தெரியும். `Contains ads` என்றால் உள்ளே விளம்பரம் உண்டு. `In-app purchases` என்றால் உள்ளே பணம் கொடுத்து வாங்கும் பொருள் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த இரண்டில் எது இருந்தாலும் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். ‘குழந்தைகளுக்கானது’ என்று பெயரிலேயே போட்டிருந்தாலும் சரி. 2020ல் கூகுள் கொண்டுவந்த `Teacher Approved` என்ற முத்திரை இருந்தாலும் சரி. ஆசிரியர்கள் பார்த்து, வயதுக்குப் பொருத்தம்தான் என்று சொன்னதற்கு அந்த முத்திரை அடையாளம். விளம்பரமே கிடையாது என்று அது உறுதி சொல்வதில்லை. குழந்தைகள் செயலியில் விளம்பரம் போடக் கூடாது என்று கூகுள் தடை விதிக்கவில்லை; எந்த மாதிரி விளம்பரம், யார் மூலம் என்றுதான் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

இந்தச் சல்லடையில் சலித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு செயலியை உருவாக்க யாரோ உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் மிஞ்சியவை எங்கே இருக்கும் என்பது புரியும். சிலவற்றுக்கு முதலிலேயே ஒரு தொகை கொடுத்து வாங்கிவிடலாம். அதன் பிறகு உள்ளே எதுவும் விற்க மாட்டார்கள். சிலவற்றை நன்கொடையில் நடக்கும் அமைப்புகள் தருகின்றன. கான் அகாடமி கிட்ஸ் அப்படிப்பட்டது. 2018ல் வந்தது, விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை. பெற்றோரின் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்கு தொடங்க வேண்டும், பேச்செல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் என் மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன். மூன்றாவது வகையைத் தன்னார்வலர்கள் எழுதி, மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்தது அந்த வகையைச் சேர்ந்த ஜிகாம்ப்ரி. திரையில் `GCompris` என்று இருக்கும்.

பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ குதுவான் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்பதற்கான பிரெஞ்சுத் தொடர் காதில் எப்படி விழுமோ அப்படிப் பெயர் வைத்தார். இப்போது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழு இதை வளர்க்கிறது. முன்பு சில தளங்களில் முழுப் பதிப்புக்குப் பணம் கேட்டார்கள். இருபதாம் ஆண்டில் அதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரை நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள் இதில் இருக்கின்றன. பளபளப்பு குறைவு. சில படங்கள் பழைய காலத்துப் பாடப்புத்தகம்போல இருக்கும். எனக்கு அது குறையாகப் படவில்லை. பளபளப்பு இல்லாததால் மகள் தானே போனைக் கீழே வைத்துவிடுகிறாள்.

இறக்கியதும் குழந்தை கையில் கொடுத்துவிடக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கான கணக்குகளும் சதுரங்கமும் அதே திரையில்தான் இருக்கின்றன. கீழே உள்ள பட்டையில் அமைப்புகளுக்கான பொத்தான் உண்டு. உள்ளே போனால் கடினத்தை நட்சத்திரங்களால் வடிகட்டலாம். நான் ஒரு நட்சத்திரம் மட்டும் என்று வைத்தேன். குரல் கோப்புகளையும் பின்னணி இசையையும் இணையத்திலிருந்துதான் இது எடுத்துக்கொள்கிறது. ஆகவே வைஃபை இருக்கும்போதே அவற்றை இறக்கிவிட வேண்டும். முதல் நாள் நான் இதை மறந்துவிட்டு இணையத்தை அணைத்துக் கொடுத்தேன். விலங்குகளின் படம் வந்தது, பேச்சு வரவில்லை. “இது பேசாத கேமா அம்மா?” என்றாள்.

பிறகு அவளுக்கென்று நாலு விளையாட்டை மட்டும் பிடித்தவை என்று குறித்து வைத்தேன். முதலாவது, கட்டங்களால் மூடிய ஒரு படம். விரலை மேலே ஓட்டினால் கட்டங்கள் மறைந்து அடியில் இருக்கும் படம் தெரியும். இதே விளையாட்டு மூன்று படிகளாக இருக்கிறது. முதல் படியில் விரலை இழுத்தால் போதும். இரண்டாம் படியில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தடவை தட்ட வேண்டும். மூன்றாம் படியில் இரண்டு தடவை தட்ட வேண்டும். அடுத்தது, தொட்டியில் நீந்தும் மீன்களை அவை வெளியே போவதற்குள் தொடுவது. மூன்றாவது, பண்ணை விலங்குகளைத் தொட்டால் அவற்றின் சத்தம் கேட்பது. கடைசியாக, ஒரு பொருளை இழுத்துக்கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் பொருத்துவது.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. குழந்தையின் விரலுக்கு எது எளிது, எது கடினம் என்று நமக்கு மறந்துபோய்விட்டது. தட்டுவது முதலில் வருகிறது. இழுத்துப் பொருத்துவது அதற்குப் பிறகு. இழுக்கும்போது நடுவழியில் விரலை எடுத்துவிடும். நம் விரலைப்போல ஒரே அழுத்தத்தில் கடைசி வரை போகாது. அப்படி எடுத்த இடத்தில் பொருள் என்ன ஆகிறது என்று பாருங்கள். மறுபடி ஆரம்ப இடத்துக்கே ஓடிவிட்டால் மூன்று வயதுக் குழந்தை இரண்டு முறை முயன்றுவிட்டு எரிச்சலாகும். சரியான இடத்துக்குக் கிட்டத்தில் விட்டாலும் தானாக ஒட்டிக்கொள்கிறது என்றால் அது குழந்தையைப் பார்த்துச் செய்த விளையாட்டு. இரண்டு விரலால் பெரிதாக்குவது, திரையைச் சுழற்றுவது எல்லாம் இந்த வயதுக்குத் தேவையே இல்லை.

அளவும் முக்கியம். நம் கைக்குச் செய்த பொத்தான்கள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். குழந்தைக்கு இரண்டு சென்டிமீட்டராவது வேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவு. விரல் சின்னதுதானே, சின்னப் பொத்தான் போதாதா என்று தோன்றும். விரல் சின்னது, குறிதான் இன்னும் கைக்கு வரவில்லை.

யாரும் சொல்லாத ஒன்றை மகளைப் பார்த்துத்தான் நான் கற்றேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடிப்பாள். இடது கட்டைவிரல் திரையின் ஓரத்திலேயே கிடக்கும். ஒரு நேரத்தில் ஒரு தொடுதலை மட்டும் கவனிக்கும்படி எழுதிய விளையாட்டு என்றால் அது அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கும். வலது கையால் எத்தனை தட்டு தட்டினாலும் அசையாது. ‘கேம் வேலை செய்யலை’ என்று குழந்தை சொன்னால் பாதி நேரம் காரணம் இதுதான். சோதிப்பது எளிது. ஒரு கட்டைவிரலைத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டு மறு கையால் நடுவில் தட்டிப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்து விளையாடப் பழக்கலாம். விளம்பரப் பட்டையைப் பெரும்பாலும் திரையின் அடியில் வைக்கிறார்கள். குழந்தையின் உள்ளங்கையும் கட்டைவிரலும் போய் விழுவது அங்கேதான்.

அடுத்தது என் விரல் சோதனை. எந்த விளையாட்டானாலும் குழந்தையிடம் போவதற்கு முன் பத்து நிமிடம் நான் அதைக் குழந்தையாக விளையாடுகிறேன். படிக்க மாட்டேன், எல்லாவற்றையும் தொடுவேன். ஓரங்களைத் தொடுவேன், பொம்மைகளைத் தொடுவேன், பூட்டுப் படத்தைத் தொடுவேன், ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடைவெளியில் கண்டபடி தட்டுவேன். அந்த இடைவெளியில்தான் விளம்பரங்கள் வந்து நிற்கும். இதை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒருமுறை இணையம் இருக்கும்போது, ஒருமுறை ஃபிளைட் மோடில்.

பல வீடுகளில் ஃபிளைட் மோடை மட்டும் நம்புகிறார்கள். இணையம் இல்லாவிட்டால் விளம்பரம் வராது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் முன்பே இறங்கிச் சேர்ந்துகிடக்கும் விளம்பரம் ஒன்றிரண்டு வரலாம். அதே தயாரிப்பாளரின் மற்ற விளையாட்டுகளைக் காட்டும் படங்கள் செயலிக்குள்ளேயே இருக்கும், அவற்றுக்கு இணையம் தேவையில்லை. சில செயலிகள் இணையம் இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும். பெயருக்கு யானை குளிக்கும் விளையாட்டு இணையம் இல்லாமல் நடக்காது என்றால் அது எதற்காக இணையத்தைத் தேடுகிறது என்று யோசித்துவிட்டு நான் அதை நீக்கிவிடுவேன். ஜிகாம்ப்ரி குரல்கள் இறங்கிய பிறகு இணையமே இல்லாமல் ஓடுகிறது. எங்கள் பழைய போன் இப்போது எப்போதும் ஃபிளைட் மோடில்தான் இருக்கிறது.

இனி பணம். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது, அதைச் சொன்னால் ஒரு பொத்தானை ஏன் மாற்ற வேண்டும் என்பது விளங்கும். ஐபோன், ஐபேடுகளில் ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமல் இருந்தது. அம்மா கடவுச்சொல் போட்டு ஒரு செயலியை இறக்கிக் குழந்தையிடம் கொடுப்பார். அந்த 15 நிமிடத்துக்குள் குழந்தை நாணயங்களையும் மீன் தீனியையும் தொட்டுத் தொட்டு வாங்கும். ஒவ்வொன்றுக்கும் அட்டையிலிருந்து நிஜப் பணம் போகும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குக்குப் போனது. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே அந்தத் திறந்த கதவு 30 நிமிடத்துக்கு இருந்தது.

அந்த 30 நிமிடம் இன்றும் ஒரு தெரிவாக இருக்கிறது. பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு `Settings` உள்ளே போங்கள். `Purchase verification` என்று ஒன்று இருக்கும். பழைய போன்களில் `Require authentication for purchases` என்று இருக்கலாம். எப்போது சரிபார்க்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்பது பெரியவர்களின் வசதிக்கு. குழந்தை இருக்கும் வீட்டில் அதுதான் திறந்த கதவு. விளையாட்டாகக் குழந்தையின் விரலையும் போனில் கைரேகையாகப் பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று பார்த்து, இருந்தால் அழித்துவிடுங்கள்.

நம் ஊரில் அட்டைக்கு ஓடிபி வருகிறது, யுபிஐக்கு பின் நம்பர் போட வேண்டியிருக்கிறது. குழந்தையால் அதைத் தாண்ட முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த இரண்டும் கேட்கப்படாத வழிகளும் இருக்கின்றன. யாராவது கொடுத்த கிஃப்ட் கார்டை பிளே கணக்கில் போட்டு வைத்திருந்தால் அந்த இருப்பிலிருந்து எடுக்க ஓடிபி தேவையில்லை. போஸ்ட்பெய்டு போன் பில்லில் சேர்த்துக்கொள்ளும் வசதியை இணைத்திருந்தால் அதற்கும் யுபிஐ பின் தேவையில்லை. இந்த இரண்டிலும் பிளே ஸ்டோரின் சரிபார்ப்பு ஒன்றுதான் காவல்.

இன்னொன்றில் வழுக்கி விழுவது நாமேதான். ‘ஏழு நாள் இலவசம்’ என்று வரும். விளம்பரம் இல்லாத பதிப்புதானே என்று நாமே யுபிஐ பின்னைப் போட்டு ஒப்புக்கொள்வோம். நாம் கொடுப்பது அந்த ஒரு நாளுக்கான அனுமதி இல்லை. ஒவ்வொரு மாதமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆட்டோபே அனுமதி. அதன் பிறகு 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்கு மறுபடி பின் கேட்க மாட்டார்கள். குழந்தைக்கு அலுத்துப்போய் விளையாட்டை நீக்கிவிட்டாலும் பணம் போய்க்கொண்டிருக்கும். செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு `Payments & subscriptions` வழியாக `Subscriptions` போய் நிறுத்த வேண்டும். யுபிஐ செயலியிலும் ஆட்டோபே பட்டியல் இருக்கும். அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தெரியாமல் ஏதாவது வாங்கப்பட்டுவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோர் வழியாகவே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கெடுவைத் தாண்டினால் விளையாட்டைத் தயாரித்தவரிடம் போய்க் கேட்கும்படி ஆகிவிடும்.

எங்கள் பழைய போனில் நான் செய்தது இதைவிட எளிது. அந்தப் போனுக்கென்று தனிக் கூகுள் கணக்கு வைத்தேன். அதில் அட்டையும் இல்லை, யுபிஐயும் இல்லை, இருப்பும் இல்லை. பையில் காசே இல்லாவிட்டால் திருட்டுப் பயம் இல்லை.

மிச்சம் இருப்பது, குழந்தை விளையாட்டை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. ஆண்ட்ராய்டில் 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பலருடைய போனில் அது அணைந்தே கிடக்கிறது. `Settings` திறந்து மேலே தேடும் இடத்தில் `pin` என்று தட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: `App pinning`, `Screen pinning`, `Pin app` என்று ஏதாவது ஒன்று வரும். அதை இயக்கியதும் கீழே இன்னொரு பொத்தான் தெரியும். விடுவிக்கும்போது பின் கேட்க வேண்டுமா என்று கேட்கும். அதையும் கட்டாயம் இயக்குங்கள். பிறகு விளையாட்டைத் திறந்து, சமீபத்தில் பயன்படுத்திய செயலிகள் வரிசையாகத் தெரியும் திரைக்குப் போய், விளையாட்டின் மேலே உள்ள சின்னப் படத்தைத் தொட்டால் `Pin` என்று வரும். அதைத் தொட்டதும் போன் அந்த விளையாட்டோடு குத்திவைத்ததுபோல நின்றுவிடும். ஹோம் பொத்தான் வேலை செய்யாது, மேலிருந்து இழுத்தால் அறிவிப்புகள் இறங்காது.

விடுவிப்பது எப்படி என்பதையும் முன்பே செய்து பார்த்துவிடுங்கள். கீழே மூன்று பொத்தான் உள்ள போனில் பின்செல்லும் பொத்தானையும் செயலி வரிசைப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பொத்தான் இல்லாத புதிய போனில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டாவதை என் மகள் நாலே நாளில் கண்டுபிடித்தாள். நான் செய்வதைப் பார்த்துத்தான். பின் கேட்கும் பொத்தானை நான் இயக்க மறந்திருந்ததால் நேராக வெளியே வந்து கேலரியில் அவள் அப்பாவின் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பூட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். முதல் முறை குத்தும்போது போனே ஓர் எச்சரிக்கை காட்டும். பெரும்பாலோர் படிக்காமல் கடந்துவிடுவார்கள். குத்தப்பட்ட செயலி மற்ற செயலிகளைத் திறக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். குழந்தை வெளியே போவதை இது தடுக்கிறது. விளையாட்டு தானே இன்னொரு கதவைத் திறந்தால் அதைத் தடுக்காது. யானை விளையாட்டைக் குத்தி வைத்திருந்தாலும் கார் விளம்பரம் வந்திருக்கும். அதனால்தான் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதை முதலில் வைத்தேன். விளம்பரம் நிறைந்த விளையாட்டை நல்ல பூட்டு காப்பாற்றாது.

ஐபேட் இருக்கும் வீடுகளில் இதற்கு `Guided Access` என்று பெயர். `Settings` உள்ளே `Accessibility` பகுதியில் இருக்கும். இயக்கியபின் விளையாட்டைத் திறந்து, மேல் பொத்தானை, ஹோம் பொத்தான் உள்ள கருவியில் அதை, மூன்று முறை அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டின் `App pinning` வசதியில் இல்லாத ஒரு நல்ல வசதி இதில் உண்டு. திரையில் எந்த இடம் வேண்டாமோ அதை விரலால் வட்டமிட்டால் அந்த இடம் தொட்டாலும் கேட்காது. ஓரத்தில் இருக்கும் அமைப்புப் பொத்தானையோ வெளியேறும் பொத்தானையோ இப்படி மூடிவிடலாம். எத்தனை நிமிடம் என்றும் அங்கேயே வைக்கலாம். நேரம் முடிந்தால் திரை நின்றுவிடும். சாம்சங் போன் வைத்திருப்பவர்களுக்கு `Samsung Kids` என்று தனியாகவே ஒரு குழந்தைத் திரை கிடைக்கிறது. பின் போடாமல் அதிலிருந்து வெளியே வர முடியாது.

சில விளையாட்டுகள் தமக்குள்ளேயே பெற்றோர் பூட்டு வைத்திருக்கும். அமைப்புகளுக்குள்ளோ கடைக்குள்ளோ போகும் முன் ‘பெரியவரைக் கூப்பிடு’ என்று நிறுத்தும். ஆப்பிளின் குழந்தைகள் பிரிவில் வெளி இணைப்புக்கும் வாங்குதலுக்கும் முன்னால் இது கட்டாயம். ஆனால் பூட்டுக்குப் பூட்டு வித்தியாசம் இருக்கிறது. மூன்று விநாடி அழுத்திப் பிடி என்பதை அழுத்திப் பிடிக்கும் பழக்கமுள்ள குழந்தை தெரியாமலே திறந்துவிடும். ஒரு பெருக்கல் கணக்கைக் கொடுத்து மூன்று விடைகளைக் காட்டினால், கண்டதைத் தட்டும் விரலுக்கு மூன்றில் ஒரு தடவை கதவு திறக்கும். தப்பானால் மறுபடி கேட்கும் என்பதால் கடைசியில் திறந்தே தீரும். விடையை நாமே எண்களாகத் தட்ட வேண்டும் என்றால் அது பூட்டு. வீட்டில் ஆறேழு வயதில் அண்ணனோ அக்காவோ இருந்தால் சின்னக் கூட்டல் கணக்கெல்லாம் கணக்கிலேயே வராது, அவர்கள் அன்போடு திறந்துகொடுத்துவிடுவார்கள்.

மாமியாரின் போனுக்கும் இதையெல்லாம் செய்துகொடுத்தேன். யானை விளையாட்டையும் கூடவே இறங்கிய காரையும் நீக்கினேன். “பிள்ள யானைய கேட்டு அழுதா என்னம்மா சொல்றது?” என்றார். ஜிகாம்ப்ரியில் விலங்குகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன், அத்தை. பசுவைத் தொட்டதும் அது கத்தியது. அவரே மூன்று நாலு விலங்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் போனில் சிம் இருப்பதால் ஃபிளைட் மோட் சரிப்படாது, அழைப்பு வராமல் போய்விடும். அதனால் விளையாடும் நேரத்துக்கு மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் மட்டும் அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. நேற்றுவரை சுத்தமாக இருந்த விளையாட்டு, வேறொருவர் கைக்கு மாறிய பிறகு புதுப்பித்தலோடு விளம்பரத்தையும் சேர்த்துக்கொண்டு வரலாம். பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் `Enable auto update` என்று இருக்கும். அதன் குறியை எடுத்துவிட்டால் நாம் சொல்லாமல் அது மாறாது. நான் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் வைஃபையைப் போட்டு, நானே புதுப்பித்துவிட்டு, பெயருக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன எழுத்தை மறுபடி படித்து, கட்டைவிரலை மூலையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கண்டபடி தட்டிப் பார்க்கிறேன். போன ஞாயிறு நான் தட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அப்படி இல்லம்மா, மெதுவா தொடணும்” என்று என் விரலைப் பிடித்துக் கட்டங்களின் மேல் ஓட்டிக் காட்டினாள்.